காலி நாற்காலிக்கும் வாடகை உண்டு

திருச்சியில் பெண்களுக்கான பார்லர் நடத்துகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் முடி வெட்ட 150 ரூபாய் வாங்கினேன். ஷாம்பு, கண்டிஷனர், துண்டு துவைக்கும் செலவு எல்லாம் 30 ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்பதால் மீதியை லாபமென்று நம்பினேன். உதவியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வளையலை அடகு வைத்த மாதத்தில்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

வாடகை 15,000. உதவியாளர் இருவருக்கு 24,000. மின்சாரம், தண்ணீர், கருவிகளின் தேய்மானம் 8,000. என் உழைப்புக்கு 25,000. ஆக மாதம் 72,000 ரூபாய். இரண்டு நாற்காலிகள், 26 நாள்கள், நாளுக்கு 10 மணி நேரம் என்றால் 520 மணி நேரம். மணிக்கு 138 ரூபாய். நாற்பது நிமிட வேலைக்கு 92, பொருள் செலவோடு 122. அப்படிப் பார்த்தால் 150 ரூபாய் தாராளம்.

தவறு அந்த 520-இல் இருந்தது. யார் எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்று ஒரு மாதம் நோட்டில் குறித்தேன். செவ்வாய், வெள்ளியில் முடி வெட்ட யாரும் வருவதில்லை. மற்ற நாள்களிலும் மதியம் ஈயாடுகிறது. ஆள் அமர்ந்திருந்தது 208 மணி நேரம்தான். 72,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 346 ரூபாய். அதே முடிவெட்டுக்கு 231, பொருளோடு 261. இப்போது 300 வாங்குகிறேன். சிலர் வருவதை நிறுத்தினார்கள், வருத்தம்தான். நோட்டை மட்டும் நிறுத்தவில்லை. அமரும் நேரம் 150 மணி நேரமாக இறங்கினால் மணிக்கு 480 ரூபாய் ஆகிவிடும். அதை வாடிக்கையாளர் தலையில் ஏற்ற முடியாது. அப்போது ஓர் உதவியாளரைப் பகுதி நேரமாக்குவதே வழி.

மணப்பெண் அலங்காரத்தில் பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை. ஆனால் திறந்த மஸ்காரா மூன்று, நான்கு மாதங்களில் வீணாகிவிடும். கெட்டியாகித் திரிதிரியாக ஒட்டினால் தூக்கி எறியத்தான் வேண்டும், கண்ணில் தொற்று வந்தால் யார் பொறுப்பு? என் பெட்டிக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறேன். மணப்பெண்கள் இருபது பேர் என்றால் ஆளுக்கு 2,000. தடவியது எத்தனை கிராம் என்பது கணக்கே இல்லை.

முன்னோட்ட அலங்காரம், மாலை வரவேற்பு, மறுநாள் விடியலுக்கு முன் முகூர்த்த அலங்காரம் என்று பயணத்தோடு பத்து மணி நேரம் போகிறது, அதற்கு 3,460. உதவியாளரின் இரவுப்படி 1,000, கார் 1,200, பூவும் சவுரியும் 800. பெட்டிக்கான 2,000-ஐயும் சேர்த்தால் அடக்கமே 8,460 ரூபாய். “பக்கத்துத் தெருவில் ஏழாயிரம்தானே, அக்கா?” என்று கேட்பவர்களிடம் இந்தத் தாளையே காட்டுகிறேன். என் கட்டணம் 12,000.

தேதியைப் பிடித்து வைக்க 4,000 ரூபாய் முன்பணம். திருமணம் தள்ளிப்போனாலும் அதைத் திருப்பித் தருவதில்லை. தை மாத முகூர்த்தம் ஒன்றை ஒருவருக்காக ஒதுக்கியபின் அதே நாளுக்குக் கேட்டுவந்த மூவரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.