மேசையில் ஓடியது, பெட்டிக்குள் ஏன் நின்றது?

கொட்டாஞ்சேனைக் கடை ஒன்றுக்காக, மின்தடை நேரத்தில் ரவுட்டரை ஓடவிட ஒரு தம்பி சிறு பெட்டி செய்திருந்தார். 12 வோல்ட் பேட்டரி, 5 வோல்ட் ரவுட்டர், நடுவில் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு 7805 ரெகுலேட்டர் ஐசி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கிய சின்ன அலுமினியத் தகட்டை ஐசியில் ஆணி போட்டு இறுக்கியிருந்தார்.

"அண்ணா, மேசையில வச்சு ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தன், ஒண்டுமில்லை. பெட்டியை மூடிக் கடையில வச்சா மத்தியானத்தில ரவுட்டர் நிண்டு நிண்டு வருது."

வோல்ட் மீட்டரை வைத்தோம். உள்ளே வரும் மின்னழுத்தம் 13.5 வோல்ட்டில் ஆடாமல் நின்றது. வெளியே போகும் 5 வோல்ட் மட்டும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து மின்விசிறிக் காற்றைக் காட்டியதும் சரியாகிவிட்டது. சூடு எல்லை மீறும்போது இந்த ஐசி தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும், ஆறியதும் மீண்டும் வேலை செய்யும். வருவது சரியாக இருக்க, போவது விழுந்து, காற்றுப் பட்டதும் மீண்டால் முதலில் வெப்பத்தையே சந்தேகியுங்கள்.

கணக்கு எளிதானது. ரவுட்டர் இழுப்பது அரை அம்பியர். 13.5க்கும் 5க்கும் இடையிலுள்ள 8.5 வோல்ட் ஐசியில் வீணாகிறது. ஆக 8.5 × 0.5 = 4.25 வாட் வெப்பம். அந்த வெப்பம் ஐசிக்குள் இருக்கும் சிலிக்கன் சில்லிலிருந்து சுற்றுக் காற்றுக்குப் போகும் வழியில் எவ்வளவு தடை இருக்கிறது என்பதைத்தான் டேட்டாஷீட் θJA என்று தருகிறது. தகடு இல்லாத 7805க்கு அது வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி.

```
Tj = Ta + P × θJA
```

இங்கே Tj சில்லின் சூடு, Ta காற்றின் சூடு, P வெப்பமாக வீணாகும் வாட். 32 டிகிரி அறையில் வெறும் ஐசி என்றால் விடை 300 டிகிரியைத் தாண்டும். அந்த நிலைக்குப் போகுமுன்னே அது அடங்கிவிடும்.

தகடு போட்டால் வெப்பம் மூன்று கட்டமாக வெளியேறுகிறது, ஒவ்வொரு கட்டத்துக்கும் வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று ஒரு தடை உண்டு. சில்லிலிருந்து ஐசியின் உலோக முதுகுக்கு 5, முதுகுக்கும் தகட்டுக்கும் இடையே வெப்பம் கடத்தும் பேஸ்ட் பூசி இறுக்கினால் சுமார் 1, தகட்டிலிருந்து காற்றுக்கு அந்தச் சின்னத் தகட்டில் சுமார் 20. கூட்டினால் 26. அதை 4.25ஆல் பெருக்கி 32ஐச் சேர்த்தால் கிட்டத்தட்ட 143 டிகிரி. 125ஐத் தாண்டக் கூடாத சில்லு மேசையிலேயே வரம்பு மீறித்தான் ஓடியிருக்கிறது. ஐசி அடங்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

மூடிய பெட்டியில் Ta என்பது அறையின் சூடு அல்ல, தகட்டைத் தொடும் காற்றின் சூடு. உள்ளே அளந்தபோது 50 டிகிரி. சில்லின் கணக்கு 160ஐத் தாண்டிவிட்டது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். வானிலை அறிக்கையின் 32ஐப் போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, பாகத்தில் குறை தேடுகிறார்கள்.

சில்லை 110 டிகிரிக்குள் வைக்க முடிவு செய்தோம். பெட்டிக்குள்ளேயே என்றால் 60 டிகிரி உயர்வுதான் மீதம். 60 ÷ 4.25 = 14.1. இதில் 5ஐயும் 1ஐயும் கழித்தால் தகட்டுக்கு 8.1. அதற்குக் கணிசமான பெரிய தகடு வேண்டும். வாங்கிப் போட்டாலும் அதே 4.25 வாட் மூடிய பெட்டிக்குள்தானே விழும். தகட்டைப் பெட்டியின் பின்பக்கம் வெளியே வைத்தால் காற்று 35 டிகிரி. அப்போது தகட்டுக்கு 11.6 வரை போகலாம். 10 உள்ளதைத் தெரிந்தெடுத்து, தகட்டின் துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி பொருத்தினோம். கிடையாக வைத்தால் சூடான காற்று மேலே போக வழி கிடைக்காது.

சந்தையில் வாங்கும் தகட்டில் எண் எழுதியிருக்காதே என்று கேட்பீர்கள். ஐசியை அதில் இறுக்கி, தெரிந்த வாட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டு, தகட்டின் சூட்டிலிருந்து காற்றின் சூட்டைக் கழித்து வாட்டால் வகுத்தால் எண் கிடைத்துவிடும். நாங்களும் அப்படித்தான் 10ஐக் கண்டோம். பொருத்திய பிறகு ஐசியின் முதுகில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஒட்டிப் பார்த்தோம்: 81 டிகிரி. 4.25 × 5 = 21ஐச் சேர்த்தால் சில்லு 102.

அடுத்த பெட்டிக்கு இந்த ஐசியே வேண்டாம், அதிகம் வீணாக்காமல் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் பலகை போடுங்கள் என்று தம்பிக்குச் சொன்னேன். 90 சதவீதத் திறனுள்ளது என்றால் அதே 2.5 வாட் ரவுட்டருக்கு வீணாவது 0.3 வாட் அளவுதான். அதற்குத் தகடே தேவைப்படாது.