இரட்டை அளவுத்திட்ட வரைபடம்: ‘ஒப்பீட்டு வரைபடம்’ என்ற பெயர் ஏன் தவறு

ஒரே படத்தில் இரண்டு கோடுகள். ஒரு கோட்டுக்கான எண்கள் இடப்பக்கம், மற்றதற்கு வலப்பக்கம். ஆங்கிலத்தில் ‘டூயல் ஆக்சிஸ் சார்ட்’ என்று சொல்லப்படும் இதை ‘ஒப்பீட்டு வரைபடம்’ என்று தமிழில் எழுதுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். செய்திக் கட்டுரைகளில் இருக்கிறது, மொழிபெயர்த்த அறிக்கைகளில் இருக்கிறது. ஏதோ பொருந்தாத பெயர் என்று விட்டுவிட முடியவில்லை. அந்தப் படம் எந்த இடத்தில் வாசகரைத் தடுமாற வைக்கிறதோ, அதே இடத்தில் இந்தப் பெயரும் அவரைப் பிடித்துத் தள்ளுகிறது.

முதலில் அச்சு. ‘ஆக்சிஸ்’ லத்தீன் சொல். சக்கரங்களைத் தாங்கும் வண்டித் தண்டுதான் அதன் பழைய பொருள். தமிழில் அச்சுக்கும் அந்தப் பொருள் உண்டு. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளில் மயிலிறகை அளவுக்கு மீறி ஏற்றினால் ஒடிவது இந்த அச்சுதான். கணிதத்துக்கு இதைவிட நல்ல சொல் வேண்டியதில்லை. ஆனால் ‘இரு அச்சு வரைபடம்’, ‘ஈரச்சு வரைபடம்’ என்று எழுதினால் வேறு சிக்கல் வருகிறது. பள்ளியில் போடும் எந்த வரைபடத்திலும் கிடையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என்று இரண்டு அச்சுகள் இருக்கின்றன. ‘ஈரச்சு’ என்றால் எல்லாமே ஈரச்சுதான்.

இந்தப் படத்தில் உண்மையில் இரட்டிப்பது எது? செங்குத்துத் திசையில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகு என்ற கணக்கு. அதற்கு நம்மிடம் பழகிய சொல் இருக்கிறது: அளவுத்திட்டம். வரைபடத்தாளில் படம் போட்ட மாணவர் யாரும் மேல் மூலையில் ‘அளவுத்திட்டம்’ என்று எழுதி, ‘Y அச்சில் 1 செ.மீ. = 10 அலகுகள்’ என்று குறித்திருப்பார். அதையே எடுத்து ‘இரட்டை அளவுத்திட்ட வரைபடம்’ என்று சொல்லலாம் என்பது என் வாதம்.

இனி ‘ஒப்பீட்டு’ என்ற சொல்லுக்கு வருவோம். ஒப்பிடுவதென்றால் இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் பார்ப்பது. எது பெரிது, எது சிறிது, எது எதைத் தாண்டியது என்று கேட்பது. இந்தப் படத்தில் செய்யக்கூடாதது அதுதான். இரண்டு கோடுகளின் உயரத்தையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட எந்த அடிப்படையும் இல்லை. அப்படிப்பட்ட படத்துக்கு ‘ஒப்பீட்டு’ என்று தலைப்பு வைத்தால், செய்யக்கூடாத வேலையைச் செய்யச் சொல்லி வாசகரை அழைக்கிறோம்.

இதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு 2015இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் காட்டப்பட்ட படத்தை எடுத்துச் சொல்வேன். அந்த ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி பிளான்டு பேரன்ட்ஹூட் என்ற மருத்துவ அமைப்பின் தலைவர் செசில் ரிச்சர்ட்ஸ், பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்றின் விசாரணைக்கு வந்திருந்தார். குழுத் தலைவர் ஜேசன் சாஃபெட்ஸ் திரையில் ஒரு படத்தைப் போட்டார். இளஞ்சிவப்பு அம்பு ஒன்று மேலிருந்து கீழே சரிகிறது: புற்றுநோய்ப் பரிசோதனையும் தடுப்புச் சேவைகளும், 2006இல் 20,07,371, 2013இல் 9,35,573. சிவப்பு அம்பு ஒன்று கீழிருந்து மேலே ஏறுகிறது: கருக்கலைப்புகள், 2,89,750இலிருந்து 3,27,000. இரண்டும் நடுவில் வெட்டிக்கொள்கின்றன. 2013இல் சிவப்பு அம்பின் முனை மேலே, இளஞ்சிவப்பு முனை கீழே.

எண்களை மறுபடி படியுங்கள். மூன்றே கால் லட்சம் மேலே, ஒன்பதே கால் லட்சத்துக்கு மேல் உள்ளது கீழே. சிறிய எண் பெரிய எண்ணுக்கு மேலே நிற்கிறது. இந்த எண்களை அமைப்பின் சொந்த அறிக்கைகளிலிருந்தே எடுத்ததாக சாஃபெட்ஸ் சொன்னார். படத்தின் அடியில் கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்பான அமெரிக்கன்ஸ் யுனைட்டெட் ஃபார் லைஃபின் பெயர் இருப்பதை ரிச்சர்ட்ஸ் அங்கேயே சுட்டிக்காட்டினார். எண்கள் பொய்யில்லை. ஒவ்வொரு அம்புக்கும் தனித்தனி அளவுத்திட்டம் வைத்து, இரண்டையும் மறைத்துவிட்டார்கள். இடப்பக்கமும் எண்கள் இல்லை, வலப்பக்கமும் இல்லை. இடையிலுள்ள ஆண்டுகளுக்கான எண்களும் இல்லை. முதலையும் கடைசியையும் நேர்க்கோட்டால் இணைத்திருந்தார்கள்.

இங்கே பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் செங்குத்து அச்சே வரையப்படவில்லை. ‘இரட்டை அச்சு’ என்று மட்டும் படித்த மாணவர் அச்சைத் தேடுவார், காணாமல் இது அந்த வகை இல்லை என்று நினைத்துவிடுவார். ‘இரட்டை அளவுத்திட்டம்’ என்று படித்தவர் கேட்கும் கேள்வி வேறு: இந்தக் கோட்டுக்கு 1 செ.மீ. எத்தனை, அந்தக் கோட்டுக்கு எத்தனை? அந்தக் கேள்விதான் படத்தை உடைக்கும்.

கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே நான்கு எண்கள், அதே நேர்க்கோடுகள். இடப்பக்க அளவு எப்போதும் 0 முதல் 24 லட்சம் வரை. வலப்பக்கத்தை மட்டும் மாற்றுவோம். வலப்பக்கம் 0 முதல் 4 லட்சம் என்று வைத்தால் இரண்டு கோடுகளும் 2007ஆம் ஆண்டின் நடுவில் வெட்டும். 0 முதல் 8 லட்சம் என்றால் 2012ஆம் ஆண்டின் பிற்பாதியில்தான் வெட்டும். 0 முதல் 12 லட்சம் என்றால் வெட்டவே வெட்டாது. ‘2007இலேயே தாண்டிவிட்டது’, ‘இப்போதுதான் தாண்டியது’, ‘இன்னும் தாண்டவில்லை’ என்று மூன்று கதை கிடைக்கிறது. தரவில் ஒரு எண்கூட மாறவில்லை.

மூன்றிலும் இரண்டு அளவுகளும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். ‘அளவைப் பூஜ்யத்தில் தொடங்கினால் சரியாகிவிடும்’ என்று பலரும் சொல்லும் அறிவுரை இங்கே காப்பாற்றாது. வெட்டும் புள்ளி வரைபவர் தேர்ந்த விகிதத்தின் விளைவு. உலகத்தில் நடந்த எதையும் அது காட்டவில்லை. பல நேரம் அந்த விகிதத்தை வரைபவர்கூடத் தேர்வதில்லை. எக்ஸெலில் Secondary Axis என்பதைத் தேர்ந்தால், ஒவ்வொரு கோட்டையும் அதனதன் எண்களுக்கு ஏற்றபடி மென்பொருளே நீட்டிப் பொருத்திவிடுகிறது. அதனால்தான் சம்பந்தமே இல்லாத இரண்டு கோடுகள் ஒட்டி உறவாடுவது போலத் தெரிகின்றன.

அந்த அமெரிக்கப் படம் சொல்ல வந்தது ‘ஒன்றைக் குறைத்துவிட்டு மற்றதைக் கூட்டினார்கள்’ என்பது. ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்தால் அந்தக் கதை நிற்காது. மேல்கோடு பாதிக்கு மேல் சரிந்தும், கீழ்க்கோட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு உயரத்தில் நிற்கும். கீழ்க்கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். பத்து லட்சத்துக்கு மேல் குறைந்த இடத்தில் கூடியது நாற்பதாயிரத்துக்கும் குறைவு. மேல்கோடு சரிந்ததற்குத் தனிக் காரணங்களும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனையை ஆண்டுதோறும் எடுக்கத் தேவையில்லை என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் அந்த ஆண்டுகளில்தான் மாறின. 2012இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு, 21 முதல் 65 வயதுப் பெண்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்றது. பரிசோதனை குறைந்ததற்கும் கருக்கலைப்பு கொஞ்சம் கூடியதற்கும் இடையே உறவு இருப்பதாக அந்தப் படத்தில் தோன்றியதற்கு, இரண்டு அம்புகளும் குறுக்கே சந்தித்ததைத் தவிர வேறு ஆதாரம் படத்தில் இல்லை.

வேகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் 2006ஐ 100 என்று வைத்து இரண்டையும் குறியீட்டெண்ணாக மாற்றலாம். பரிசோதனை 47க்கு இறங்கும், கருக்கலைப்பு 113க்கு ஏறும். ஒரே அளவுத்திட்டம், நேர்மையான படம். ஆனால் தொடக்க ஆண்டில் இரண்டு கோடுகளும் ஒட்டியிருப்பது நாம் வைத்த 100ஆல் வந்தது என்பதையும் பெரிய எண் எது என்பது மறைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த வழி, ஒரே கால அச்சில் இரண்டு தனிப் படங்களை மேலும் கீழுமாக வைப்பது. ஏற்ற இறக்கம் தெரியும், வெட்டும் புள்ளி இருக்காது.

எல்லா இரட்டை அளவுத்திட்டமும் தவறு என்று நான் சொல்லவில்லை. வெப்பமானியில் ஒரு பக்கம் செல்சியஸ், மறுபக்கம் பாரன்ஹீட் இருக்கிறது. அங்கே அளவிடப்படுவது ஒன்றே, இரண்டு அளவையும் ஒரு சூத்திரம் கட்டியிருக்கிறது. வால்ட்டர், லீத் என்ற ஜெர்மானிய அறிவியலாளர்களின் காலநிலைப் படத்தில் வெப்பநிலையும் மழையும் சேர்ந்து வருகின்றன. ஆனால் 10 டிகிரி செல்சியஸுக்கு 20 மி.மீ. மழை என்ற விகிதத்தை முன்பே நிலையாக வைத்துவிட்டார்கள். மழைக்கோடு வெப்பக்கோட்டுக்குக் கீழே போனால் வறண்ட மாதம் என்று பொருள். வெட்டும் புள்ளிக்கு அங்கே அர்த்தம் உண்டு, காரணம் விகிதத்தை யாரும் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. நிலையான விகிதம் இருக்கிறதா என்று கேட்க வைப்பதும் ‘அளவுத்திட்டம்’ என்ற சொல்தான். ‘ஒப்பீடு’ அந்தக் கேள்வியைக் கேட்க விடாது.

சிலர் ‘இணை அச்சு’ என்று எழுதுகிறார்கள். இணை என்றால் சோடி, நிகர். நிகராக இல்லாத இரண்டை நிகர் என்று சொல்லும் அதே கோளாறு இதிலும் இருக்கிறது. பெயர் நீளமாகிவிட்டதே என்று குறைப்பட்டுக்கொள்பவர்களுக்கு ‘ஈரளவு வரைபடம்’ என்று சுருக்கித் தருகிறேன். ‘ஈரச்சு’வைவிட நீளமில்லை, பொருளும் கெடவில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் தலைப்பைப் பற்றியதுகூட இல்லை. பொருளாதார அறிக்கைகளில் கோட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆர்.எச்.எஸ்.’ என்று சிறியதாக ஒரு குறிப்பு இருக்கும். இந்தக் கோட்டை வலப்பக்க எண்களில் படியுங்கள் என்று அர்த்தம். தமிழில் வரும்போது அது என்னவென்று தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். குறிப்பு போனால் வாசகர் வலக்கோட்டையும் இடப்பக்க எண்களில்தான் படிப்பார், சதவீதத்தைக் கோடி ரூபாயாக எடுத்துக்கொள்வார். ‘வலது அளவு’ என்று இரண்டே சொல் எழுதினால் போதும். கோட்டின் நிறத்திலேயே அந்தப் பக்கத்து எண்களையும் அச்சடிக்கச் சொல்லி வடிவமைப்பாளரிடம் கேட்டு வாங்குவதும் மொழிபெயர்ப்பாளரின் வேலைதான்.