ஆர்.டி.ஏ.: மிக்சர் பாக்கெட்டின் பின்பக்கச் சதவீதம்

மிக்சர், சிப்ஸ், பிஸ்கட் என எந்தப் பாக்கெட்டைத் திருப்பினாலும் ஊட்டச்சத்து அட்டவணையின் கடைசிப் பத்தியில் ‘பர் சர்வ் % ஆர்.டி.ஏ.’ என்று இருக்கும். அதன் கீழே 8, 16, 12 என்று சில எண்கள். ஆர்.டி.ஏ. என்பது ரெகமெண்டட் டயட்டரி அலவன்ஸ் என்பதன் சுருக்கம். தமிழில் இதைப் பெரும்பாலும் ‘பரிந்துரைக்கப்பட்ட உணவு அளவு’ என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது ஒரு சிக்கல் வருகிறது. ‘சோடியம் 12%’ என்று படிப்பவருக்கு, இன்று உடம்புக்குச் சேர வேண்டிய சோடியத்தில் 12 பங்கு இந்த மிக்சரிலேயே கிடைத்துவிட்டது, நல்லதுதானே என்று தோன்றும். அந்த எண் சொல்வதோ கிட்டத்தட்ட இதற்கு எதிரானது. அது ஏன் என்று புரிய, இந்தச் சொல் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், படைவீரர்களும் பொதுமக்களும் சத்துக் குறைவால் பலவீனமாகிவிடக் கூடாது என்ற கவலை அமெரிக்க அரசுக்கு இருந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சத்து கிடைக்க வேண்டும் என்று வகுக்க லிடியா ராபர்ட்ஸ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1941இல் வந்த அதன் பட்டியலில் இருந்தவை ஆற்றல், புரதம், கால்சியம், இரும்பு, ஆறு வைட்டமின்கள், அவ்வளவுதான். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மூன்றும் அதில் இல்லை. அந்தக் காலத்தின் பயம் பற்றாக்குறை. அதனால் பட்டியலில் இருந்த சத்துகளின் எண்கள் எல்லாம் ‘இதற்குக் குறையக் கூடாது’ என்ற பொருளிலேயே வகுக்கப்பட்டன. ஆரோக்கியமான மக்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் போதுமானதாக இருக்கும்படி, சராசரித் தேவைக்குச் சற்று மேலே வைக்கப்பட்ட அளவு அது.

அந்தக் குழு ‘நிர்ணயம்’, ‘தேவை’ போன்ற சொற்களை விட்டுவிட்டு அலவன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தது. ஆய்வு வளர வளர எண்கள் மாறும், இது முடிந்த முடிவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே காரணம். நம் ஆட்சித்தமிழில் அலவன்ஸுக்கு ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: படி. அகவிலைப்படி, பயணப்படி என்று தினமும் சொல்கிறோம். நெல்லையும் அரிசியையும் அளந்து கொடுத்த அந்தப் படிதான் இது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு அளந்து தர வேண்டியது என்ற பொருளில் ‘நாட்படி’ என்றால், 1941இன் ஆர்.டி.ஏ.வுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

இந்தியாவில் இந்த அளவுகளை முதலில் வகுத்தது 1944இல். அன்று நாட்டின் ஊட்டச்சத்து ஆய்வுக்குத் தலைமையிடமாக இருந்தது நம் குன்னூர். 1918இல் ராபர்ட் மெக்கரிசன் அங்கே பெரிபெரி நோய் பற்றி ஆராயத் தொடங்கிய சிறிய பிரிவுதான் பிறகு வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. இந்தியர்களுக்கான ஆர்.டி.ஏ. அளவுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து திருத்தி வெளியிடுவது இந்த நிறுவனமே. 2020இலும் அப்படி ஒரு திருத்தம் வந்தது.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள், ஒரு பரிமாறலுக்கான சதவீதத்தை எதை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று சொல்கின்றன. சராசரி வயதுவந்தவருக்கு ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி ஆற்றல், 67 கிராம் மொத்தக் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 2 கிராம் டிரான்ஸ் கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம். சோடியத்தை உப்பாகப் பார்த்தால் 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கிவிடும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி இருக்கிறது. 67 கிராம் என்றால் ஏறக்குறைய 600, அதாவது 2000இல் 30 சதவீதம். நிறைவுற்ற கொழுப்பின் 22 கிராம் 10 சதவீதம். டிரான்ஸ் கொழுப்பு சுமார் 1 சதவீதம். ஒரு கிராம் சர்க்கரையில் 4 கிலோகலோரி என்பதால் 50 கிராம் சரியாக 10 சதவீதம். இவை எல்லாம் உலக சுகாதார நிறுவனம் ‘இதைத் தாண்டாதீர்கள்’ என்று சொல்லும் உச்ச அளவுகள். சோடியத்தின் 2000 மில்லிகிராமும் அப்படித்தான். போர்க்காலத்தில் கீழ் எல்லையாகப் பிறந்த ஒரு பெயர், இன்று பாக்கெட்டில் மேல் எல்லைகளின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது.

குழப்பம் முழுதாகத் தெரிவது இரும்பு, வைட்டமின் சேர்த்த பிஸ்கட்டில்தான். ஒரே பத்தியில் ‘இரும்பு 15%’ என்றும் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை 14%’ என்றும் அடுத்தடுத்து இருக்கும். இரும்பின் 15 என்பது வரவு: நாளின் தேவையில் அவ்வளவு கிடைத்தது. சர்க்கரையின் 14 என்பது செலவு: அன்றைக்கு அனுமதித்த 50 கிராமில் 7 கிராம் தீர்ந்துவிட்டது. இரண்டையும் ‘பரிந்துரைக்கப்பட்ட அளவு’ என்ற ஒரே பெயரில் அடைப்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. புரதம், இரும்பு, வைட்டமின் போன்றவற்றுக்கு ‘நாட்படி’யைச் சொல்லலாம். கொழுப்பு, சர்க்கரை, சோடியத்துக்கு ‘நாள் வரம்பு’ என்பதே சரியான தமிழ். ‘நாள் வரம்பில் 12%’ என்று படித்துப் பாருங்கள், யாருக்கும் சந்தேகம் வராது. ஆற்றல் மட்டும் இரண்டிலும் சேராது. 2000 என்பது ஒரு சராசரி, அவரவர் உழைப்பையும் உடலையும் பொறுத்துக் கூடும் குறையும்.

இப்போது ஒரு மிக்சர் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். எண்ணெயில் பொரித்த மிக்சருக்கு இயல்பாக இருக்கக்கூடிய எண்களைக் கொண்டு நானே அமைத்த எடுத்துக்காட்டு இது. 100 கிராமில் ஆற்றல் 550 கிலோகலோரி, மொத்தக் கொழுப்பு 36 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 12 கிராம், சோடியம் 800 மில்லிகிராம். பாக்கெட்டின் எடை 200 கிராம். ‘ஒரு பரிமாறல் 30 கிராம்’ என்று போட்டிருக்கிறது. அந்த 30 கிராமுக்கு ஆற்றல் 165, அது 8 சதவீதம். கொழுப்பு 10.8 கிராம், 16 சதவீதம். நிறைவுற்ற கொழுப்பு 3.6 கிராம், அதுவும் 16 சதவீதம். சோடியம் 240 மில்லிகிராம், 12 சதவீதம். பார்த்தால் எல்லாம் சின்ன எண்கள்தான்.

ஆனால் 30 கிராம் மிக்சர் என்பது இரண்டு சிறு கைப்பிடி. அந்த அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தயாரிக்கும் நிறுவனம்தான். மாலையில் காபியோடு ஒரு கிண்ணம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் 75 கிராம் போவது தெரியாது. அப்போது கொழுப்பு 27 கிராம், நாள் வரம்பில் 40 சதவீதம். நிறைவுற்ற கொழுப்பு 41 சதவீதம். சோடியம் 30 சதவீதம். இட்லி, சாம்பார், மதியச் சாப்பாடு, ஊறுகாய், இரவு தோசை எல்லாம் மிச்சமிருக்கும் வரம்புக்குள் அடங்க வேண்டும். வீட்டில் சமையல் தராசு இருந்தால் வழக்கமாகச் சாப்பிடும் கிண்ணத்தை ஒரு தடவை நிறுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. அப்புறம் எந்தப் பாக்கெட்டானாலும் உங்கள் கிண்ணம் எத்தனை பரிமாறல் என்று தெரிந்துவிடும்.

தராசு இல்லாமல், கடையில் நின்றபடியே பார்க்க இன்னொரு வழி உண்டு. பரிமாறல் அளவை எப்படி வைத்தாலும் அது பாதிக்காது. ஆற்றலின் சதவீதத்தை முதலில் பாருங்கள். பிறகு மற்றவற்றை அதோடு ஒப்பிடுங்கள். நம் மிக்சரில் ஆற்றல் 8, கொழுப்பு 16. அதாவது அன்றைய ஆற்றலில் எவ்வளவு பங்கைத் தருகிறதோ, அதைப் போல இரண்டு மடங்கு கொழுப்பு வரம்பைத் தின்றுவிடுகிறது. சோடியம் ஒன்றரை மடங்கு. நிறுவனம் பரிமாறலை 15 கிராம் என்று குறைத்தால் எண்கள் 4, 8, 6 ஆகும். விகிதம் அப்படியே நிற்கும். ஆற்றல் சதவீதத்தை விடக் கொழுப்பு, சர்க்கரை, சோடியம் கூடுதலாக இருக்கும் பண்டத்தை வயிறு நிறையும் அளவு சாப்பிட்டால், அதை வேறு உணவில் குறைத்துத்தான் ஈடுகட்ட முடியும். இதற்கு ஓர் எல்லை உண்டு. பரிமாறல் மிகச் சிறியதாக இருந்தால் 1, 2 என்று முழு எண்ணாக்கியதிலேயே விகிதம் பிசகும். அப்போது 100 கிராம் பத்திக்குப் போய் நேரடியாக வகுத்துப் பார்ப்பதே மேல்.

குழந்தைக்கு வாங்கும்போது இந்தச் சதவீதங்கள் எல்லாமே குறைத்துக் காட்டுகின்றன. 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் ஆற்றல் தேவை நாளைக்கு 1360 கிலோகலோரி. வரம்புகளையும் அதே விகிதத்தில் சுருக்கினால் கொழுப்பு சுமார் 45 கிராம், சோடியம் 1360 மில்லிகிராம். அதே 30 கிராம் மிக்சர், லேபிளில் 16 என்று இருந்த கொழுப்பு, குழந்தைக்கு 24 சதவீதம். 12 என்றிருந்த சோடியம் 18 சதவீதம். லேபிள் எண்ணோடு பாதியைக் கூட்டிக்கொண்டால் இந்த வயதுக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும்.

பாக்கெட்டில் இன்னொரு சதவீதமும் இருக்கிறது, அதை இதோடு கலந்துவிடக் கூடாது. சேர்பொருள் பட்டியலில் ‘பாமாயில் 32%’ என்று இருந்தால், அது மிக்சரின் எடையில் எண்ணெயின் பங்கு. நாள் வரம்போடு அதற்குத் தொடர்பில்லை.

பெரிய கடைகளில் கிடைக்கும் இறக்குமதி சிப்ஸில் ஆர்.டி.ஏ. என்ற எழுத்தே இருக்காது. அமெரிக்கப் பாக்கெட் என்றால் ‘% டெய்லி வேல்யூ’ என்றிருக்கும். அங்கும் அடிப்படை 2000 கிலோகலோரிதான், ஆனால் கொழுப்புக்கு 78 கிராம், சோடியத்துக்கு 2300 மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். அதனால் அதே 10.8 கிராம் கொழுப்பு இங்கே 16 சதவீதம், அங்கே 14. சோடியம் 240 மில்லிகிராம் இங்கே 12, அங்கே 10. உள்ளூர் சிப்ஸையும் வெளிநாட்டு சிப்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சதவீதத்தை விட்டுவிட்டு, இரண்டையும் 100 கிராமுக்கு எத்தனை கிராம், எத்தனை மில்லிகிராம் என்று மாற்றி ஒப்பிடுங்கள். அமெரிக்க லேபிளில் 100 கிராம் பத்தி பெரும்பாலும் இருக்காது. 28 கிராம் பரிமாறல் என்றால் அதன் எண்களை மூன்றரையால் பெருக்கினால் போதும்.