டைட்டிலும் டிஸ்கிரிப்ஷனும்: எண்ணிக்கையை விடுங்கள், அகலத்தையும் வினைச்சொல்லையும் பாருங்கள்

தேடல் முடிவுகளில் தமிழ்த் தளங்கள் எப்படித் தோன்றுகின்றன என்பதைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. ஒரே தவறு மீண்டும் மீண்டும் என் மேசைக்கு வருவதால் இதை எழுதுகிறேன். கோவையில் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சிறு நிறுவனம் அண்மையில் என்னை அணுகியது. கூகுளில் அவர்களுடைய பக்கம் முதல் பக்கத்திலேயே தெரிகிறது, ஆனால் அழைப்பு வருவதில்லை, வரும் சிலரும் "வந்து பார்க்கவே காசு கேட்பீர்களாமே?" என்று தொடங்குகிறார்களாம். அவர்கள் அப்படி ஒரு கட்டணம் வாங்கியதே இல்லை. காரணம் அவர்களுடைய மெட்டா டிஸ்கிரிப்ஷனில், அதாவது தேடல் முடிவில் டைட்டிலுக்குக் கீழே காட்டுவதற்காகப் பக்கத்தில் எழுதிவைக்கும் சிறு விவரிப்பில், இருந்தது:

"கோவையில் பல்லாண்டு அனுபவமுள்ள எங்கள் பணியாளர்கள் உங்கள் இல்லத்திற்கே நேரில் வந்து ஆர்ஓ இயந்திரத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் வசூலிப்பதில்லை."

எழுதியவரின் நோக்கம் நல்லது, வாக்கியத்திலும் பிழை இல்லை. ஆனால் தேடல் முடிவில் அது "பார்ப்பதற்குக் கட்டணம் ..." என்பதோடு நின்றுவிட்டது. சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருளை வாடிக்கையாளர் படித்திருக்கிறார். தமிழில் வினை கடைசியில்தான் வரும். இல்லை, கூடாது, தேவையில்லை என்ற மறுப்பும் அந்த வினையோடு கடைசியில்தான் வரும். வாக்கியத்தின் வால் வெட்டப்படும் இடத்தில், நாம் சொல்ல வந்ததையே கடைசியில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சுட்டிக்காட்டியதும் எனக்குக் கிடைத்த பதில், எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்ட அதே பதில்தான்: "160 எழுத்துக்குள்தானே இருக்கிறது, பிளக்இன் பச்சை விளக்குக் காட்டுகிறதே!" டைட்டில் 60 எழுத்து, டிஸ்கிரிப்ஷன் 160 எழுத்து என்ற இந்த வாய்பாட்டை யார் எங்கே கற்றுக்கொடுத்தாலும், தயவுசெய்து தமிழ்ப் பக்கங்களுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். கூகுள் அப்படி ஓர் எழுத்து வரம்பை விதிக்கவே இல்லை. டைட்டிலும் டிஸ்கிரிப்ஷனும் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம், சாதனத்தின் திரை அகலத்துக்கு ஏற்ப அவை வெட்டப்படும் என்பதுதான் அதன் வழிகாட்டுதல். 60, 160 என்பவை லத்தீன் எழுத்துகளின் சராசரி அகலத்தை வைத்துப் பயன்பாட்டாளர்கள் வகுத்துக்கொண்ட தோராயங்கள் மட்டுமே.

தமிழுக்கு அந்தத் தோராயம் இரண்டு வகையில் பொய்க்கிறது. முதலாவது, அந்தப் பிளக்இன் போன்ற எண்ணும் கருவி எண்ணுவது எழுத்தை அன்று, யூனிகோடு குறிகளை. "கொழுக்கட்டை" என்பது நமக்கு ஆறு எழுத்து; கருவிக்கு, புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாகச் சேர்ந்து, பதினொன்று. மேலே உள்ள டிஸ்கிரிப்ஷனில் நாம் படிக்கும் எழுத்துகள் 85தான். கருவியோ இடைவெளிகளையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து 158 என்று காட்டும். இரண்டாவது, திரையில் ஒவ்வொன்றும் அடைக்கும் இடம் வெவ்வேறு. புள்ளி எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும், அகலத்தில் எதையும் கூட்டாது. ர குறுகியது, ண அகலமானது, மெ, வா, கொ போன்றவை ஒற்றை எழுத்தாக இருந்தும் இரண்டு மூன்று வடிவங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே 158 என்ற எண்ணிலிருந்து அந்த வரி எங்கே வெட்டுப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. பச்சை விளக்கு எரிந்தபோதே அந்த வரி வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. எண்ணிக்கையைக் குறைத்தால் போதும் என்று நினைத்து, நல்ல தமிழ்ச் சொற்களை வெட்டிக் குறுக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதுவும் வீண் வேலை.

அளக்க வேண்டியது அகலத்தை. கணினித் திரையில் டைட்டிலுக்கு ஏறத்தாழ 600 பிக்சல் இடம் கிடைக்கிறது என்பது எங்கள் துறையில் பழகிய அளவு. இதுவும் கூகுள் எழுதிக் கொடுத்த விதி அன்று, அவ்வப்போது மாறக்கூடியது. உங்கள் பக்கத்தைத் திறந்து, உலாவியின் கன்சோலில் இந்த மூன்று வரிகளை இட்டால் அகலம் தெரிந்துவிடும்:

```js
const c = document.createElement('canvas').getContext('2d');
c.font = '20px Arial';
c.measureText(document.title).width;
```

ஏரியலில் தமிழ் எழுத்துகள் இல்லாததால் உங்கள் கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவை உலாவி எடுத்துக்கொள்ளும். எழுத்துரு மாறினால் எண்ணும் சற்று மாறும் என்பதால், 600-ஐ ஒட்டி நிறுத்தாமல் கொஞ்சம் இடம் விட்டுவிடுங்கள். கைப்பேசியில் டைட்டில் இரண்டாம் வரிக்கும் மடியும். அதை நம்பி நீட்ட வேண்டாம்.

டிஸ்கிரிப்ஷன் விஷயத்தில் நீளத்தைத் துரத்துவதையே நான் ஊக்குவிப்பதில்லை. 2017 டிசம்பரில் கூகுள், தேடல் முடிவில் டைட்டிலுக்குக் கீழே காட்டும் ஸ்னிப்பெட்டை ஏறக்குறைய இரு மடங்காக நீட்டியபோது, துறையில் பலர் வாடிக்கையாளர்களின் டிஸ்கிரிப்ஷன்களை எல்லாம் 320 எழுத்துக்கு நீட்டி எழுதினார்கள். 2018 மே மாதம் அது பழைய நீளத்துக்கே திரும்பியது. நீட்டியவை எல்லாம் நடுவில் அறுந்தன. எங்கே வெட்டினாலும் பொருள் கெடாதபடி எழுதுவதுதான் நிலைக்கும். முதல் வாக்கியம் சின்னதாக, வினையோடு முடிந்துவிட வேண்டும். வாடிக்கையாளரின் முதல் தயக்கத்துக்கான பதில் அதில் இருக்க வேண்டும். அதற்கடுத்த வாக்கியம் வெட்டுப்பட்டால் படுகட்டும். அறுந்த நிலையில் அது எதிர்ப்பொருள் தருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கோவை நிறுவனத்துக்கு வருகிறேன். அவர்களுடைய எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே டைட்டில்: "முகப்பு", அடுத்து நிறுவனத்தின் பெயர், அதன்பின் சிறந்த, நம்பகமான என்ற அடைமொழிகள், பிறகு சுற்றுவட்டார ஊர்களின் பட்டியல். கூகுள் இதை ஏற்கவில்லை. அந்த டைட்டிலை ஒதுக்கிவிட்டு, பக்கத்தின் பெரிய தலைப்பாக இருந்த "உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்பதை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. 2021 ஆகஸ்டில் கூகுள் தலைப்புகளை உருவாக்கும் முறையை மாற்றியதிலிருந்து இது பரவலாகக் காணப்படுகிறது. அடுத்த மாதமே அந்த முறையைத் திருத்தி, சுமார் 87 விழுக்காடு நேரங்களில் பக்கத்தின் டைட்டிலையே பயன்படுத்துவதாக அது தெரிவித்தது. மீதியில் சிக்குபவை பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான்: எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றே, மிக நீளம், சொற்குவியல், அல்லது பக்கத்தோடு பொருந்தாதது. "கூகுள் என் டைட்டிலை மாற்றிவிட்டது" என்று முறையிடுவோர் முதலில் தம் டைட்டிலையும் பக்கத்தின் முதன்மைத் தலைப்பையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்க்கட்டும்.

ஒரே பக்கத்தை எடுத்துக்கொண்டோம்: மெம்பிரேன் மாற்றுவது பற்றிய பக்கம். தளம் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று உரிமையாளருக்குக் கூகுள் காட்டும் சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தத் தேடல்களுக்கு அது காட்டப்படுகிறது என்று பார்த்தோம். மெம்பிரேன் என்ற சொல்லைத் தேடியவர்கள் குறைவு. மக்கள் தேடியது, கருவியில் தண்ணீர் மெதுவாக வருவதைப் பற்றி. பழுதுபார்ப்பவர் பாகத்தின் பெயரைச் சொல்கிறார்; வீட்டில் இருப்பவர் தன் தொல்லையைச் சொல்கிறார். டைட்டில் வீட்டில் இருப்பவரின் சொல்லில்தான் தொடங்க வேண்டும். மாற்றி எழுதியது இப்படி:

```html
<title>ஆர்ஓ தண்ணீர் மெதுவாக வருகிறதா? காரணமும் செலவும்</title>
<meta name="description" content="வந்து பார்க்கக் கட்டணம் இல்லை. மெம்பிரேன் அடைப்பா, பம்ப் கோளாறா என்று சோதித்து, செலவைச் சொன்ன பிறகே வேலையைத் தொடங்குவோம்.">
```

நிறுவனத்தின் பெயரை டைட்டிலில் இருந்து எடுத்ததற்கு உரிமையாளர் வருந்தினார். தளத்தின் பெயர் இப்போது தேடல் முடிவில் டைட்டிலுக்கு மேலே தனி வரியில் வருவதால், உட்பக்கங்களில் அதை மறுபடி எழுதி இடத்தை வீணாக்கத் தேவையில்லை. முகப்புப் பக்கத்தில் மட்டும் அது இருக்கட்டும்.

"செலவும்" என்று டைட்டிலில் சொன்னதால், பக்கத்தில் அதுவரை இல்லாத விலைப்பட்டியலை அவர் சேர்க்க வேண்டியிருந்தது. முதலில் தயங்கினார். விலை போட மனமில்லை என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுவோம், இரண்டில் ஒன்று என்றேன். பக்கத்தில் இல்லாததைச் சொல்லி அழைத்தால் வந்தவர் உடனே திரும்பிப் போவார். அடுத்த முறை அந்தப் பெயரைக் கண்டாலே தாண்டிச் செல்வார். "அதிர்ச்சித் தகவல்", "இதைப் பார்க்காமல் போகாதீர்கள்" போன்ற கொக்கிகளை ஒரு சேவை நிறுவனம் தொடவே கூடாது.

டிஸ்கிரிப்ஷனில் தேடல் சொற்களை அடுக்கித் தரும்படி இன்னும் கேட்கிறார்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அதைப் படிப்பது மனிதர்தான். அதுவும் எப்போதும் காட்டப்படும் என்ற உறுதி கிடையாது. தேடியவரின் கேள்விக்குப் பக்கத்தின் உள்ளே இருக்கும் ஒரு வாக்கியம் கூடுதலாகப் பொருந்தினால் கூகுள் அதையே ஸ்னிப்பெட்டாக எடுத்துக்கொள்ளும். அதனால் பக்கத்தின் முதல் பத்தியையும் இதே கவனத்தோடு எழுதுங்கள். இவர்களுடைய இன்னொரு பக்கத்தில், மேலே ஒட்டியிருந்த பொங்கல் விடுமுறை அறிவிப்பு, விடுமுறை முடிந்து வெகுநாள் ஆன பிறகும் தேடல் முடிவில் நின்றுகொண்டிருந்தது. அத்தகைய அறிவிப்பை நீக்குவது முதல் வேலை. நிலையாக வைத்தே ஆகவேண்டிய வாசகம் என்றால், அதைச் சூழும் `div`-இல் `data-nosnippet` என்று சேர்த்து, அது ஸ்னிப்பெட்டில் வராமல் தடுத்துவிடுங்கள்.

மாற்றிய பிறகு பக்கத்தின் மூலநிரலைத் திறந்து `<title>` ஒரே ஒரு முறைதான் வருகிறதா என்று பாருங்கள். தீம் ஒன்றும் பிளக்இன் ஒன்றுமாக இரண்டு இருப்பது அடிக்கடி நடக்கிறது. பிறகு சர்ச் கன்சோலில் மறு அட்டவணைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பொறுத்திருங்கள். சில நாள்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். மறுநாளே "மாறவில்லையே" என்று மீண்டும் மாற்றி எழுதினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். `site:` என்பதோடு தளத்தின் முகவரியைப் போட்டுத் தேடிப் பார்த்து முடிவுக்கு வரவும் வேண்டாம். ஸ்னிப்பெட் தேடும் சொல்லுக்கேற்ப மாறும் என்பதால், வாடிக்கையாளர் தேடும் அதே சொற்களைக் கைப்பேசியில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பலனை ஒப்பிடும்போது தளத்தின் மொத்தக் கிளிக்குகளைப் பார்க்காதீர்கள். அதே பக்கம், அதே தேடல், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சம நீளமுள்ள இரண்டு காலப்பகுதிகள் என்று எடுத்துக்கொண்டு, சராசரி இடம் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இடம் மாறாமல் கிளிக் விகிதம் ஏறியிருந்தால் அது பெரும்பாலும் புதிய டைட்டிலின் பலன் என்று கொள்ளலாம். இடமும் சேர்ந்து ஏறியிருந்தால் எது எதனால் என்று பிரிக்க முடியாது. இரண்டும் அப்படியே இருந்தால், டைட்டிலை மறுபடி தொடுவதற்கு முன், அந்தத் தேடலுக்கு உங்கள் முடிவின் மேலே வரைபடமும் விளம்பரங்களும் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று பாருங்கள்.