வேலையை விடும்போது கிராஜுவிட்டிக்கும் லீவுப் பணத்துக்கும் எவ்வளவு வரி விலக்கு?

ராஜினாமா கொடுத்தாச்சு, ரிலீவிங் தேதியும் வந்தாச்சு, கம்பெனியிலிருந்து செட்டில்மென்ட் தாள் வருகிறது. அதில் கிராஜுவிட்டி ஒரு வரி, லீவ் என்கேஷ்மென்ட் ஒரு வரி, கீழே டி.டி.எஸ். பிடித்தம் என்று ஒரு பெரிய தொகை. "கிராஜுவிட்டி 20 லட்சம் வரைக்கும், லீவுப் பணம் 25 லட்சம் வரைக்கும் வரி இல்லை என்றார்களே, எனக்கு ஏன் பிடித்தார்கள்?" என்ற கேள்வி அப்போதுதான் வரும். நான் பார்த்தவரை பெரும்பாலான குழப்பம் இங்கேதான். 20 லட்சமும் 25 லட்சமும் மேல்வரம்பு மட்டுமே. அதற்குள் வருகிற எந்தத் தொகைக்கும் வரி கிடையாது என்று அர்த்தமில்லை. உங்களுக்கான விலக்கு எவ்வளவு என்பதை ஒரு கணக்கு தீர்மானிக்கிறது, அந்தக் கணக்கு உங்கள் பேசிக் சம்பளத்தை வைத்து ஓடுகிறது.

முதலில் கிராஜுவிட்டி. பணிக்கொடை பற்றிய சட்டத்தின் கீழ் வருகிற தனியார் நிறுவனம் என்றால் மூன்று தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்: கம்பெனி உண்மையில் கொடுத்தது, சட்டச் சூத்திரப்படி வருவது, அப்புறம் 20 லட்சம். மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. சூத்திரம் இதுதான்: கடைசியாக வாங்கிய பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணி செய்த வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் போன துண்டு ஒரு முழு வருடமாகக் கணக்கில் வரும்.

ஒருவரை வைத்துப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் 11 வருடம் 8 மாதம் வேலை பார்த்துவிட்டு விலகுகிறார் என்று வையுங்கள். மொத்தச் சம்பளம் 1,20,000, அதில் பேசிக் 60,000, டி.ஏ. இல்லை. கிராஜுவிட்டிக்கு அவருடைய பணிக்காலம் 12 வருடம். 60,000 × 15 ÷ 26 × 12 என்றால் 4,15,385 ரூபாய். அவருடைய கம்பெனி கொஞ்சம் தாராளம், வருடத்துக்கு 15 நாளுக்குப் பதிலாக ஒரு மாத பேசிக் என்று 7,20,000 கொடுக்கிறது. இருபது லட்சத்தை எட்டவே இல்லை, ஆனாலும் விலக்கு 4,15,385-க்கு மட்டும்தான். மீதி 3,04,615 அவருடைய சம்பள வருமானத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும்.

சமீபத்தில் நிறைய பேர் "கிராஜுவிட்டி வரம்பு 25 லட்சம் ஆகிவிட்டதே" என்று கேட்கிறார்கள். அது மத்திய அரசு ஊழியர்களுக்கு, அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதால் 2024 ஜனவரி 1 முதல் உயர்த்தப்பட்ட வரம்பு. தனியார் ஊழியருக்கு 2018 மார்ச் 29-இல் வந்த 20 லட்சமேதான். அரசு ஊழியர் ஓய்வு பெறும்போது வாங்குகிற கிராஜுவிட்டிக்கும் லீவு சரண்டர் பணத்துக்கும் முழுவதுமாக வரி விலக்கு உண்டு. ஆனால் வங்கியிலோ அரசுப் போக்குவரத்துக் கழகத்திலோ வேலை பார்க்கிறவர்கள் இந்தச் சலுகைக்கு அரசு ஊழியர்கள் இல்லை, அவர்களுக்கும் இந்த மேல்வரம்புக் கணக்குதான்.

இப்போது லீவுப் பணம். இதற்கு நான்கு தொகைகளை ஒப்பிட வேண்டும்: உண்மையில் வந்த பணம், பத்து மாதச் சராசரிச் சம்பளம், மிச்சமிருக்கிற ஈட்டிய விடுப்புக்குச் சராசரிச் சம்பளப்படி வரும் மதிப்பு, அப்புறம் 25 லட்சம். இங்கேயும் குறைந்ததற்குத்தான் விலக்கு. 2002-லிருந்து 3 லட்சமாகவே கிடந்த வரம்பை 2023 ஏப்ரல் 1 முதல் 25 லட்சமாக உயர்த்தினார்கள், அது உண்மையிலேயே பெரிய நிம்மதி.

ஆனால் இங்கே சம்பளம் என்றால் கடைசி மாதச் சம்பளம் இல்லை, வேலையை விடுவதற்கு முந்தைய பத்து மாதங்களின் பேசிக், டி.ஏ. சராசரி. நம்ம ஆளுக்கு அந்தப் பத்து மாதத்தில் முதல் நான்கு மாதம் பேசிக் 55,000, பிறகு ஆறு மாதம் 60,000. சராசரி 58,000. லீவு மிச்சம் 45 நாள், அதாவது ஒன்றரை மாதம், மதிப்பு 87,000. கம்பெனியோ மொத்தச் சம்பளத்தை வைத்து நாளுக்கு 4,000 வீதம் 1,80,000 கொடுத்திருக்கிறது. பத்து மாதச் சராசரி 5,80,000, அது வெகுதூரத்தில் இருக்கிறது. ஆக விலக்கு 87,000, வரிக்கு 93,000. கிராஜுவிட்டி மீதியையும் சேர்த்தால் 3,97,615 வரிக்குள் வருகிறது. டி.டி.எஸ். ஏன் அவ்வளவு என்பதற்கு விடை இதுதான்.

வருடத்துக்கு 30 நாளுக்கு மேல் ஈட்டிய விடுப்பு கொடுக்கிற கம்பெனி என்றால் இன்னொரு வெட்டும் விழும். விலக்குக் கணக்கில் ஒரு வருடத்துக்கு 30 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வருடத்துக்கு 18, 20 நாள் கிடைக்கிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். வேலையில் இருக்கும்போதே லீவை விற்றுப் பணமாக்கினால் அது முழுக்க வரிக்கு உட்பட்டது, ஒரு ரூபாய்கூட விலக்கு கிடையாது. சில கம்பெனிகள் வருட முடிவில் மிச்ச லீவைப் பணமாகத் தருகிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் விலகப் போகிறீர்கள், லீவை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக விதி அனுமதிக்கிறது என்றால், இப்போது பணமாக்காமல் செட்டில்மென்ட்டில் வாங்குங்கள். அதே லீவு, அதே நாட்கள், வாங்குகிற நேரம் மட்டும்தான் வேறு. "இந்த விலக்கு ஓய்வுக்குத்தான், ராஜினாமா பண்ணினால் ஓய்வு ஆகாதே" என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள், ராஜினாமாவும் இதில் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1980-களிலேயே சொல்லிவிட்டது.

அடுத்தது, இந்த இரண்டு வரம்பும் வாழ்நாள் முழுவதற்குமானவை. முந்தைய வேலையை விட்டபோது 6 லட்சம் கிராஜுவிட்டிக்கு விலக்கு வாங்கியிருந்தால் இனிமேல் உங்களுக்கு மிச்சமிருக்கிற வரம்பு 14 லட்சம். இது புது கம்பெனிக்குத் தானாகத் தெரியாது, நீங்கள்தான் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காமல் விட்டால் பிடித்தம் குறைவாகும், பிறகு ரிட்டர்னில் கணக்கு தவறி வட்டியோடு கட்டவேண்டி வரும். பழைய ஃபார்ம் 16-ஐயும் செட்டில்மென்ட் தாளையும் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்த விலக்குகள் போய்விடும் என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. போகாது. வீட்டு வாடகைப்படி மாதிரியான சிலதுதான் அங்கே இல்லை, இவை இரண்டும் உண்டு.

தாள் கைக்கு வந்ததும் எச்.ஆரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: கிராஜுவிட்டிக்கு எந்த பேசிக், எத்தனை வருடம் எடுத்தார்கள், லீவுக்குப் பத்து மாதச் சராசரி எவ்வளவு வைத்தார்கள், விலக்குத் தொகை தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா. பல இடங்களில் கிராஜுவிட்டியில் விலக்கைக் கழித்துவிட்டு லீவுப் பணத்தை அப்படியே முழுத் தொகையாக வரிக்குள் தள்ளிவிடுகிறார்கள், ஃபார்ம் 16-இலும் அப்படியே வந்துவிடும். அப்போது முதலில் திருத்தச் சொல்லுங்கள். திருத்தவில்லை என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது சம்பளப் பகுதியில் விலக்குப் பெற்ற தொகையாக நீங்களே காட்டி, கூடுதலாகப் பிடித்ததை ரீஃபண்டாக வாங்கலாம். பழைய வருமான வரிச் சட்டத்தில் கிராஜுவிட்டிக்குப் பிரிவு 10(10), லீவுப் பணத்துக்குப் பிரிவு 10(10AA). 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் எண்கள் வேறு, அதனால் எந்த நிதியாண்டில் பணம் வந்தது என்று பார்த்து அந்த ஆண்டுப் படிவத்தில் இருக்கும் தலைப்பின் கீழ் போடுங்கள்.