பார்சல் எங்கே இருக்கிறது என்று செயலிக்கு எப்படித் தெரிகிறது?

பெங்களூரு அல்சூரில் ஒரு வீடு. பொங்கலுக்கு இன்னும் பத்து நாள். உடன்குடியிலிருந்து கருப்பட்டி விரைவு அஞ்சலில் வருகிறது. காஞ்சிபுரத்திலிருந்து சேலை தனியார் கூரியரில் வருகிறது. சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பிய பெட்டி அந்த நாட்டு அஞ்சல் வழியாக வருகிறது. மூன்று பார்சலுக்கும் மூன்று எண்கள், மூன்று இணையப் பக்கங்கள்.

17TRACK, AfterShip போன்ற செயலிகளில் மூன்று எண்களையும் ஒரே பட்டியலில் போட்டுவிடலாம். போட்ட சில நொடிகளில் எது எந்த நிறுவனத்தின் எண் என்பதைச் செயலியே பெரும்பாலும் சொல்லிவிடும். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எங்கே தவறவிடுகிறது என்று புரிந்துகொண்டால், எந்த அறிவிப்பு நமக்கு வேண்டும், எது வேண்டாம் என்பதும் தானாகப் புரியும்.

சிங்கப்பூர்ப் பெட்டியிலிருந்து தொடங்குவோம். அதன் எண் CP305172646SG என்று வைத்துக்கொள்வோம். கணக்கு போட்டுக் காட்டுவதற்காக இங்கே உருவாக்கிய எண் இது. சர்வதேச அஞ்சல் எண்கள் உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த எஸ்10 என்ற தரநிலையின்படி அமைகின்றன. மொத்தம் 13 இடங்கள். முதல் எழுத்து சேவையின் வகையைச் சொல்லும்: C என்றால் பார்சல், R என்றால் பதிவு அஞ்சல், E என்றால் விரைவு அஞ்சல். கடைசி இரண்டு எழுத்து அனுப்பிய நாடு. SG சிங்கப்பூர், IN இந்தியா. நடுவில் இருக்கும் ஒன்பது இலக்கங்களில் முதல் எட்டு வரிசை எண். ஒன்பதாவது சரிபார்ப்பு இலக்கம்.

அந்த ஒன்பதாவது இலக்கத்தைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, வரும் மீதியை 11-இலிருந்து கழிக்க வேண்டும்.

```
3×8 + 0×6 + 5×4 + 1×2 + 7×3 + 2×5 + 6×9 + 4×7 = 159
159 = 11×14 + 5
11 − 5 = 6
```

விடை 6, எண்ணிலும் ஒன்பதாவது இலக்கம் 6. (விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எழுதுவது வழக்கம்.) இப்போது தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கலான ரசீதுப் படத்தைப் பார்த்து, நான்காவது இடத்திலுள்ள 1-ஐ 7 என்று படித்துவிட்டதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 171 ஆகிவிடும், மீதி 6, விடை 5. ஒன்பதாவது இலக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. எண்ணைத் தவறாக அடித்திருக்கிறோம் என்பது எந்த நிறுவனத்திடமும் கேட்காமலே தெரிந்துவிடுகிறது. 11 பகா எண் என்பதாலும் அடுத்தடுத்த இடங்களின் பெருக்கெண்கள் வெவ்வேறாக இருப்பதாலும், ஓர் இலக்கம் மாறினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ இந்தக் கணக்கு கிட்டத்தட்ட எப்போதும் பிடித்துவிடும்.

சேலையின் எண்ணில் இந்த வசதி இல்லை. தனியார் கூரியர்களின் எண்களுக்குப் பொதுவான அமைப்பு கிடையாது; பல நிறுவனங்கள் வெறும் இலக்கங்களையே தருகின்றன. பன்னிரண்டு இலக்க எண் ஒன்று நான்கைந்து நிறுவனங்களுக்கும் பொருந்தலாம். அப்போது செயலி ஓர் ஊகம் செய்கிறது, அல்லது நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஊகம் தவறினால் பெரும்பாலும் Not Found என்று வரும். அதைவிடக் குழப்பமானது, அதே எண் கொண்ட வேறு யாருடைய பார்சலோ திரையில் தோன்றுவது. கண்டுபிடிப்பது எளிது: சேலையை அனுப்பிய தேதிக்கு முன்பே அது ஏதோ ஓர் ஊரில் Delivered ஆகியிருக்கும். எனவே எண்ணைச் சேர்த்ததும் முதல் வேலை, செயலி காட்டும் நிறுவனத்தின் பெயரை ரசீதோடு ஒப்பிடுவது. மாறியிருந்தால் அதைத் தொட்டுச் சரியான பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில பெரிய விற்பனைத் தளங்கள் தங்கள் சொந்த வண்டிகளில் அனுப்பும் பொருட்களைப் பொதுச் செயலியில் பார்க்கவே முடியாது. அந்தத் தளத்துக்குள் நம் கணக்கில் நுழைந்தால்தான் தெரியும்.

அடுத்து, திரையில் தெரியும் இடம். பார்சலுக்குள் ஜிபிஎஸ் எதுவும் இல்லை. யாராவது ஒருவர் பட்டைக்குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஒரு வரி பதிவாகும்; இரண்டு ஸ்கேனுக்கு இடையில் என்ன நடந்தது என்பது எவருக்கும் தெரியாது. கருப்பட்டியின் பயணத்தைப் பாருங்கள். அஞ்சலகத்தில் வாங்கியதும் Item Booked. பிறகு வேறு பார்சல்களோடு சேர்த்து ஒரு பைக்குள் போட்டு, பைக்கென்று தனி எண் கொண்ட சீட்டைக் கட்டி மூடுகிறார்கள். அது Item Bagged. அதன் பிறகு வழி நெடுக ஸ்கேன் ஆவது பையின் சீட்டுதான். Bag Dispatched, Bag Received என்ற வரிகள் கருப்பட்டியின் பெயரில் வந்தாலும், பை போன இடத்துக்குக் கருப்பட்டியும் போயிருக்கும் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. பெங்களூருவில் பையைத் திறந்து பார்சலைக் கையில் எடுத்து ஸ்கேன் செய்யும்போதுதான் Item Received வரும்.

இதை மனத்தில் வைத்தால் ஒரு பயனுள்ள அடையாளம் கிடைக்கிறது. பெங்களூருவில் Bag Received வந்து ஒரு முழு வேலைநாள் கடந்தும் Item Received வரவில்லை என்றால், பை இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கலாம். அல்லது பார்சல் வேறு பையில் போயிருக்கலாம். பண்டிகை நெரிசலில் முதலாவதே அதிகம் நடக்கும். ஆகவே இன்னொரு நாள் பொறுத்துவிட்டுப் பிறகு விசாரிக்கலாம்.

தனியார் கூரியரில் இதற்கு இணையான குழப்பம் Info Received. சீட்டு அச்சடித்தாகிவிட்டது, எண் உருவாகிவிட்டது, ஆனால் பொருள் இன்னும் கடையிலேயே இருக்கிறது என்று பொருள். இரண்டு வேலைநாள் இதே வரி நின்றால் கூரியரை அழைத்துப் பயனில்லை. அவர்கள் கைக்கே சேலை வரவில்லை. கேட்க வேண்டியது சேலைக் கடைக்காரரிடம்.

சிங்கப்பூர்ப் பெட்டிக்கு நீண்ட மௌனம் இயல்பு. அஞ்சல் துறைகள் தங்களுக்குள் சில குறியீடுகளைப் பரிமாறிக்கொள்கின்றன: EMC என்றால் அனுப்பும் நாட்டின் பரிமாற்ற அலுவலகத்தை விட்டுக் கிளம்பியது, EMD என்றால் பெறும் நாட்டின் பரிமாற்ற அலுவலகத்துக்கு வந்தது, EME என்றால் சுங்கத்தில் நிறுத்தப்பட்டது. EMC-க்கும் EMD-க்கும் நடுவே ஸ்கேன் செய்ய ஆளில்லை. விமானத்தில் இடம் கிடைக்கும்வரை மூட்டை காத்திருப்பதும் இந்த இடைவெளிக்குள்தான். இந்தியாவுக்குள் வந்த பிறகும் அதே CP எண்தான். அதனால் செயலியில் சிங்கப்பூர் அஞ்சலோடு இந்திய அஞ்சலும் இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியதோடு கதை நின்றுவிடும்.

இனி அறிவிப்புகள். செயலியின் சர்வர் ஒவ்வொரு நிறுவனத்தின் பதிவையும் குறிப்பிட்ட இடைவெளியில் கேட்டுப் பார்க்கிறது. அல்லது நிறுவனமே மாற்றத்தை அனுப்புகிறது. கிடைக்கும் விதவிதமான வாசகங்களை எட்டு, ஒன்பது நிலைகளுக்குள் அடக்குகிறது. Door Locked, Addressee Absent எல்லாம் ‘முயற்சி தோல்வி’ என்ற ஒரே பெட்டிக்குள் போகும். அந்த நிலை மாறினால்தான் நம் கைப்பேசி ஒலிக்கும். இந்தச் சங்கிலியில் இரண்டு பலவீனங்கள். கேட்டுப் பார்க்கும் இடைவெளி சில மணி நேரமாக இருந்தால், காலை ஒன்பதுக்கு டெலிவரிக்குக் கிளம்பிய பார்சல் மதியம்தான் திரைக்கு வரும். செயலிக்குப் புரியாத வாசகம் ஒன்று வந்தால் நிலை In Transit என்றே நிற்கும், ஒலியும் வராது. பட்டியலில் சந்தேகம் வந்தால் கடைசி வரியைத் திறந்து படியுங்கள். நிறுவனத்தின் சொந்தப் பக்கம் வேறு சொன்னால் அதையே நம்புங்கள்.

முதல்முறை அமைப்பவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எண்ணைத் தட்டச்சு செய்யாமல் செய்தியிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். அதற்கு ‘கருப்பட்டி, அத்தை, திங்கள்’ என்று ஒரு பெயர் கொடுங்கள். வெறும் எண்களாக மூன்று வரி இருந்தால் இரண்டாம் நாளே எது எதுவென்று மறந்துபோகும். மின்னஞ்சல் பெட்டி முழுவதையும் படிக்க அனுமதி கொடுத்தால் எண்களைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சில செயலிகள் சொல்லும். மூன்று பார்சலுக்கு அது அதிகப்படியான அனுமதி. அமைப்புகளில் In Transit அறிவிப்பை அணைத்துவிடுங்கள். தேவையில்லாமல் அடிக்கடி ஒலித்தால் மூன்றாம் நாள் எல்லாவற்றையும் பார்க்காமல் தள்ளிவிடப் பழகிவிடுவோம். நாம் எழுந்து ஏதாவது செய்ய வேண்டிய நிலைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: Out for Delivery, டெலிவரி முயற்சி தோல்வி, ஏதோ சிக்கல் என்று சொல்லும் Exception, அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளத் தயார், Delivered. ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலியும் அறிவிப்புக்குத் தனி அனுமதி கேட்கிறது. அப்போது வேண்டாம் என்று தொட்டிருந்தால் உள்ளே எதை இயக்கினாலும் ஒலி வராது; கைப்பேசியின் அமைப்புகளில் போய்த் திறந்துவிட வேண்டும்.

பெரும்பாலான செயலிகள் சரியாகச் செய்யாத வேலை ஒன்று உண்டு. எதுவும் நடக்காதபோது மணி அடிப்பது. நிலை மாறினால் ஒலிக்கும் கருவிக்கு மௌனம் தெரியாது. அதனால் கைப்பேசி நாட்காட்டியில் கையால் ஒரு நினைவூட்டல் போடுங்கள்: கருப்பட்டிக்குப் புதிய வரி இல்லாமல் 4 நாள், சேலைக்கு 2 வேலைநாள், சிங்கப்பூர்ப் பெட்டிக்கு EMC வந்ததிலிருந்து 10 நாள். புதிய வரி வந்தால் தேதியைத் தள்ளிவைத்தால் போதும்.

டெலிவரி நாளன்று ஓடிபி கேட்டால் அது பார்சல் சீட்டில் உள்ள கைப்பேசிக்கு மட்டுமே வரும், செயலிக்கு வராது. சீட்டில் அத்தையின் எண் இருந்தால் அத்தையைத் தயாராக இருக்கச் சொல்ல வேண்டும். அஞ்சலில் வரும் பெட்டிக்குச் சுங்க வரி விதித்தால், கொடுக்கும்போது அஞ்சல் துறையே வாங்கிக்கொள்ளும். ‘முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் திருத்துங்கள்’ என்று அஞ்சல் துறையின் பெயரில் வரும் குறுஞ்செய்தி மோசடி. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவும் இதை எச்சரித்திருக்கிறது. அந்த இணைப்பைத் தொடாமல், செயலியில் ஏற்கெனவே இருக்கும் உங்கள் எண்ணைப் பாருங்கள். அங்கே Exception எதுவும் இல்லையென்றால் செய்தியை அழித்துவிடலாம்.

பார்சல் கைக்கு வந்ததும் அந்த வரியைக் காப்பகத்துக்கு நகர்த்திவிடுங்கள். Delivered என்று வந்தும் கைக்கு வரவில்லையா? முதலில் வாசல் காவலரையும் பக்கத்து வீட்டையும் கேட்டுவிட்டு, அன்றே நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, நேரமும் டெலிவரி அலுவலகத்தின் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகாருக்கு அந்த இரண்டு விவரங்களைத்தான் முதலில் கேட்பார்கள்.