ரீட்: திரையில் 7.4%, கையில் எவ்வளவு?

ரீட் என்பது பலரிடம் பணம் திரட்டி, வாடகை தரும் கட்டடங்களில் முதலீடு செய்யும் அறக்கட்டளை; அதில் உங்கள் பங்குதான் யூனிட். செபியின் 2014 விதிகளின்படி, ஒரு ரீட் தன்னிடம் சேரும் விநியோகிக்கத்தக்க பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். எம்பஸி, மைண்ட்ஸ்பேஸ் போன்றவை காலாண்டுக்கு ஒருமுறை கொடுக்கின்றன. இந்த விநியோகத்தை யூனிட்டின் இன்றைய விலையால் வகுத்துத்தான் 'யீல்ட்' என்று காட்டுகிறார்கள். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அதில் இல்லை. யூனிட் விலை இறங்கினால் அந்தச் சதவீதம் ஏறும். உங்கள் பணமோ கரைந்திருக்கும்.

கற்பனையாக ஒரு கணக்கு. யூனிட் 320 ரூபாய்க்கு 100 யூனிட் வாங்குகிறீர்கள், முதலீடு 32,000. காலாண்டுக்கு யூனிட்டுக்கு 5.50 ரூபாய் வருகிறது. இரண்டு வருடத்தில் எட்டுத் தவணை, 4,400 ரூபாய். அப்போது விலை 296. ஆண்டு விநியோகம் 22 ரூபாய் என்பதால் திரையில் யீல்ட் 7.4% என்று நிற்கும். சரி, விற்றுவிட்டால்? 29,600 வருகிறது. விநியோகத்தையும் சேர்த்தால் 34,000. இரண்டு வருடத்துக்கு லாபம் வெறும் 2,000.

இதை ஆண்டு விகிதமாக்க எக்செல் போதும். A பத்தியில் தேதிகள், B பத்தியில் தொகைகள். வாங்கியது −32,000, ஒவ்வொரு தவணையும் 550, கடைசியில் 29,600:

```
=XIRR(B2:B11,A2:A11)
```

விடை சுமார் 3.3%. தவணைக்கு, அது யாருக்குச் சேரும் என்று முடிவாகும் ரெக்கார்டு தேதியைப் போடாமல், பணம் வங்கிக்கு வந்த தேதியைப் போடுங்கள். டிடிஎஸ் பிடித்திருந்தால் பிடிப்பதற்கு முந்தைய தொகையை எழுதுங்கள். அந்த வரி உங்கள் பெயரில்தான் வரவாகிறது.

அடுத்தது வரி. ரீட் அனுப்பும் விவரத் தாளில் 5.50 ரூபாய் பல கூறுகளாகப் பிரிந்திருக்கும்: உதாரணத்துக்கு வட்டி 1.50, டிவிடெண்ட் 1.80, கடன் திருப்பம் 2.20. வட்டிக்கு உங்கள் வரி அடுக்கின்படி வரி. 30% அடுக்கில் இருப்பவருக்கு, டிவிடெண்டுக்கு வரிவிலக்கு இருந்தால்கூட, மேலே வந்த 3.3% மூன்றுக்குக் கீழே போய்விடும்.

கடன் திருப்பம் என்பது, ரீட் தன் துணை நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன் திரும்பி வந்து உங்களுக்குப் பகிரப்படுவது. அதற்குப் பொதுவாக உடனே வரி இல்லை. அது உங்கள் கொள்முதல் விலையைக் குறைக்கிறது. எட்டுத் தவணையில் 1,760 ரூபாய் குறைந்து, வரிக் கணக்கில் கொள்முதல் விலை 30,240 ஆகிறது. ஆகவே 2,400 ரூபாய் நஷ்டம் என்று நீங்கள் நினைப்பது வருமான வரிப் படிவத்தில் 640 ரூபாய் மூலதன நஷ்டம் மட்டுமே. (பல வருடம் வைத்திருந்து, இப்படித் திரும்பிய தொகை யூனிட்டின் வெளியீட்டு விலையையே தாண்டினால், மிகுதிக்கு வரி உண்டு.)

பலர் இடறுவது இங்கேதான். குறைத்த 30,240-ஐ XIRR-இலும் முதலீடாகப் போட்டு, தவணைகளை முழுதாகவும் சேர்த்துவிடுவார்கள். அதே 1,760 இருமுறை லாபமாக எண்ணப்பட்டு, விகிதம் ஆறுக்கு மேல் தெரியும். XIRR-இல் எப்போதும் கையிலிருந்து போன 32,000 மட்டும். 30,240 வரிக் கணக்குக்கு மட்டும்.